கச்சான் நாளில் கொண்டல்: 54 ஸ்லைடை 10 நிமிடத்துக்குள் கொண்டுவர நான்கு வழிகள்

மண்டபத்தில் நாட்டுப்படகுக்காரர்களுக்குக் காலையில் காற்று நிலவரத்தைக் குரல்செய்தியாக அனுப்பும் சின்ன வேலை ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் செய்துவருகிறோம். அதைப் பற்றி ஒரு கல்லூரியில் 45 நிமிடம் பேசியபோது 54 ஸ்லைடு வைத்திருந்தேன். பிறகு ராமநாதபுரத்தில் ஒரு மீட்டப்பில் பேசக் கூப்பிட்டார்கள். லைட்னிங் டாக், ஒருவருக்கு 10 நிமிடம். லேப்டாப் மாற்றி, கேபிள் செருகி, புரொஜெக்டர் படத்தைப் பிடிக்கும் நேரமும் அந்தப் பத்துக்குள்தான். ஆக, பேசக் கிடைப்பது எட்டரையிலிருந்து ஒன்பது நிமிடம்.

நான்கு விதமாகச் சுருக்கிப் பார்த்தேன். நான்கையும் வீட்டில் எழுந்து நின்று, போனில் கடிகாரம் வைத்து, எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் முன்னால் பேசினேன். பேசி முடித்ததும் ஒவ்வொரு முறையும் அவனிடம் ஒரே கேள்விதான்: "நான் என்ன சொன்னேன்? ரெண்டு வரியில சொல்லு."

முதலில் பழைய டெக்கின் உடம்பு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அறிமுகம் 2 ஸ்லைடு. முன்னறிவிப்புத் தரவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு 11. புரோகிராம் அமைப்புக்கு 12. குரல்செய்தி தயாரிப்பதற்கு 9. ஊர்க் காற்றுப் பெயர்களுக்கு 7. எங்களுக்கு நடந்த ஒரு பிழைக்கு 4. செலவும் பலனும் 8. நன்றி 1. அந்தப் பிழை 42ஆவது ஸ்லைடில்தான் தொடங்கும். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைப்பது

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். ஒவ்வொரு பகுதியிலும் பாதிக்கு மேல் வெட்டி 20 ஸ்லைடாக்கினேன். ஸ்லைடுக்கு அரை நிமிடம், மொத்தம் 10 நிமிடம் என்று கணக்கு. பேசிப் பார்த்தால் 16 நிமிடம் 40 விநாடி.

நேரம் எங்கே போனது என்று பார்க்கப் பதிவை மறுபடி கேட்டேன். நான் எண்ண வேண்டியது ஸ்லைடை அல்ல, கேட்பவருக்குப் புதிதான சொற்களை என்று அப்போதுதான் உறைத்தது. பழைய டெக்கில் முன்பின் தெரியாதவருக்கு விளக்க வேண்டிய சொல்லோ கருத்தோ 23 இருந்தது. வெட்டிய டெக்கில் 19. ஸ்லைடு பாதிக்கும் கீழே போய்விட்டது, விளக்க வேண்டியதோ நாலுதான் குறைந்திருக்கிறது. நான் வெட்டியது பெரும்பாலும் உதாரணங்களையும் படங்களையும்தான். சொல்லைப் புரியவைத்துக்கொண்டிருந்தவை அவைதான். அவை போனதும் ஒவ்வொரு சொல்லையும் வாயால் விளக்க வேண்டியதாயிற்று.

பத்தாவது நிமிடத்தில் நான் குரல்செய்திப் பகுதியில் நின்றுகொண்டிருந்தேன். பிழையை எட்டவே இல்லை. தம்பி சொன்ன இரண்டு வரி: "நெறைய பண்ணியிருக்கீங்கண்ணே. நல்லாருக்கு." அதில் இரண்டாவது வரி மரியாதைக்கு.

ஒரு பகுதியை மட்டும் எடுப்பது

புரோகிராம் அமைப்பு என்ற 12 ஸ்லைடை மட்டும் எடுத்துப் பேசினேன். 9 நிமிடத்தில் முடிந்தது, சுத்தமாகவும் இருந்தது. தம்பிக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அவன் புரோகிராமர். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தொழில்காரர்கள் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் இந்த மீட்டப்புக்குக் கல்லூரிப் பிள்ளைகள், செல்போன் கடை வைத்திருப்பவர், படகுக்காரர் வீட்டுப் பையன்கள் எல்லாரும் வருவார்கள். பெட்டியும் அம்புக்குறியுமாக ஒரு படத்தை ஒன்பது நிமிடம் பார்க்க அவர்களுக்கு என்ன வந்தது? அந்தப் பகுதிக்கு நடு இருக்கிறது, தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை.

தானாக நகரும் ஸ்லைடு

பெச்சகுச்சா என்று ஒரு முறை உண்டு. டோக்கியோவில் 2003இல் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கியது. 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, தானாக நகரும், 6 நிமிடம் 40 விநாடியில் முடியும். இக்னைட் என்ற இன்னொன்றில் அதே 20 ஸ்லைடுக்கு 15 விநாடி, 5 நிமிடம். இரண்டுமே நம் பத்துக்குள் அடங்கும், யாரும் நேரம் தாண்ட முடியாது. நடத்துகிறவர்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

20 விநாடி முறையைப் பேசிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் உதைத்தது. ஒன்று, கடற்கரையில் ஒருவரோடு நடந்த உரையாடலைச் சொல்ல எனக்கு 80 விநாடி வேண்டும். அதற்கு ஒரே படத்தை நாலு ஸ்லைடில் போட வேண்டியிருந்தது. அப்படியும் செய்யலாம், ஆனால் அப்புறம் 20 விநாடி விதிக்கு என்ன அர்த்தம்?

இரண்டாவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "நாங்கள் அனுப்பிய செய்தியில் காற்றின் திசை தலைகீழாக" என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்லைடு மாறிவிடும். கேட்பவர் கண் புதுப் படத்துக்குத் தாவிவிடும். "இருந்தது" என்பது காற்றில் போகும். நாலைந்து இடத்தில் இப்படி நடந்தது. வாக்கியங்களைத் துண்டு துண்டாக்கிப் பழகினால் சரியாகும், அதற்கு ஒரு வாரம் ஒத்திகை வேண்டும். எனக்கு இருந்தது மூன்று நாள். படங்களே பேசும் விஷயமாக இருந்தால், உதாரணத்துக்குப் பாசி எடுக்கும் பெண்களின் ஒரு நாளைக் காட்டுவதென்றால், இந்த முறையைத்தான் முதலில் சொல்வேன்.

ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு புதிதாக எழுதுவது

கடைசியில் எடுத்தது இதை. டெக்கை மூடிவைத்துவிட்டு, வெற்றுத்தாளில் 42ஆவது ஸ்லைடின் சம்பவத்தை எழுதினேன்.

சம்பவம் இது. ஒரு ஜூலைக் காலை, மண்டபம் தென்கடல் கரை. எங்கள் செய்தி போய் அரை மணி நேரம் இருக்கும். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, ஒங்க போனு இன்னைக்கு கொண்டல்ங்குது. என் கைலி எந்தப் பக்கம் பறக்குதுன்னு நீங்களே பாருங்க."

கைலி பாம்பன் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. அதாவது காற்று மேற்கிலிருந்து வருகிறது. கச்சான். எங்கள் செய்தியோ கீழ்க்காற்றான கொண்டல் என்று சொல்லியிருந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லவேளை, அவர்கள் யாரும் எங்களை நம்பிக் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை.

இதை முதுகெலும்பாக வைத்து, பழைய டெக்கின் ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு சோதனைக்கு உட்படுத்தினேன். முந்தைய ஸ்லைடிலிருந்து இதற்கு வர வாயில் என்ன சொல் வருகிறது? "அப்புறம்" என்று வந்தால் அது வெறும் அடுக்கு. "ஆனால்" என்றோ "அதனால்" என்றோ வந்தால் அது கதையின் கண்ணி. 54 ஸ்லைடுக்கு நடுவே 53 இணைப்பு. அதில் 41 இடத்தில் "அப்புறம்" என்றுதான் வந்தது. "அப்புறம் தரவு எங்கேர்ந்து வருதுன்னா", "அப்புறம் நாங்க என்ன பண்ணோம்னா". 45 நிமிடத்தில் அது தெரியாது, நிழலில் உட்கார்ந்து பேசுவது போல ஓடிவிடும். 10 நிமிடத்தில் ஒவ்வொரு "அப்புறம்" வரும்போதும் கேட்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மிஞ்சியதை வைத்துக் கதையைக் கோத்தேன். கச்சான் அடிக்கிறது, ஆனால் செய்தி கொண்டல் என்கிறது. எப்படித் தப்பாகும்? எங்கள் வேகக் கணக்கு சரியாக இருந்தது. கையில் பிடிக்கும் காற்றுமானியைப் படகுத்துறையில் வைத்து அளந்து ஒப்பிட்டிருந்தோம். அதனால் திசையையும் நம்பிவிட்டோம். ஆனால் வேகத்துக்கும் திசைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முன்னறிவிப்புத் தரவு காற்றை இரண்டு எண்ணாகத் தருகிறது: கிழக்கு நோக்கி எவ்வளவு, வடக்கு நோக்கி எவ்வளவு. முதலாவது `u`, இரண்டாவது `v`. வேகம் காண இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்போம். வர்க்கப்படுத்தினால் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் ஒன்றாகிவிடும். காற்று முன்னே போனாலும் பின்னே போனாலும் வேகம் ஒன்றுதான். ஆகவே வேகம் சரியாக இருப்பது திசை சரி என்பதற்குச் சாட்சியே அல்ல.

சரி, வரைபடத்தில் அம்புக்குறி போட்டுப் பார்த்தோமே? பார்த்தோம். அம்பு கிழக்கே நீண்டிருந்தது, எண்ணும் 90 டிகிரி, கிழக்கு. இரண்டும் ஒத்துப்போனதால் மேசையைச் சுற்றி மூவரும் தலையாட்டினோம். ஆனால் அம்பு காட்டுவது காற்று போகும் பக்கத்தை. கரையில் காற்றுக்குப் பெயர் அது வரும் பக்கத்தை வைத்து. வானிலை அறிக்கைகளின் வழக்கமும் அதுதான். நாங்கள் போகும் பக்கத்தைக் கணக்குப் போட்டு, அதற்கு வரும் பக்கத்தின் பெயரை ஒட்டியிருந்தோம். தவறு ஒரு வரியில் இருந்தது:

```python
# தவறு: காற்று போகும் திசை
d = degrees(atan2(u, v)) % 360
# சரி: காற்று வரும் திசை
d = (180 + degrees(atan2(u, v))) % 360
```

மேற்குக் காற்றுக்கு `u` நேர்எண், `v` பூச்சியம். முதல் வரி 90 தரும், கிழக்கு, கொண்டல். இரண்டாவது வரி 270 தரும், மேற்கு, கச்சான். 180 என்ற ஒரு எண்தான் விட்டுப்போனது.

அதனால் என்ன மாற்றினோம்? கணக்கைத் திருத்தியதோடு நிறுத்தவில்லை. இரண்டு வாரம், செய்தி அனுப்பும் முன் கரையில் ஒருவருக்குப் போன் போட்டு, எங்கள் பதிலைச் சொல்லாமலே "இன்னைக்கு என்ன காத்து?" என்று கேட்டு, இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். எங்கள் பதிலை முதலில் சொல்லிவிட்டால் மரியாதைக்காக "ஆமா தம்பி" என்றுவிடுவார்கள். சொல்லாமல் கேட்பதுதான் சோதனை.

இந்தக் கதைக்கு 9 ஸ்லைடு போதுமானதாக இருந்தது: கரையின் படம், அனுப்பிய செய்தி, வேக ஒப்பீடு, வரைபடம், அதே வரைபடத்தின் மேல் "வரும் பக்கம், போகும் பக்கம்" என்று இரண்டு சொல், தப்பான வரி, திருத்திய வரி, நோட்டின் படம், மறுபடி கரை. பழைய 54இல் அப்படியே வந்தவை இரண்டுதான், வரைபடமும் தப்பான வரியும். மற்ற ஏழும் புதிது. டெக்கைச் சுருக்குகிறோம் என்று நினைப்பதுதான் முதல் வழியில் என்னை மாட்டிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

முழுப் பேச்சையும் எழுதி எண்ணினேன், 810 சொல். நான் மேடையில் நிமிடத்துக்குச் சுமார் 95 சொல் பேசுகிறேன் என்று பழைய பதிவிலிருந்து தெரியும். ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் 130, 150 கணக்கைத் தமிழுக்கு வைத்தால் ஏமாந்துபோவீர்கள். நம் ஒரு சொல்லுக்குள் அவர்களுடைய இரண்டு மூன்று சொல் உட்கார்ந்திருக்கும். 810ஐ 95ஆல் வகுத்தால் எட்டரை நிமிடம். கடிகாரத்தில் 8 நிமிடம் 40 விநாடி வந்தது. தம்பியின் இரண்டு வரி: "காத்து போற பக்கத்தக் கணக்குப் போட்டுட்டு வர்ற பக்கத்துப் பேரச் சொல்லிட்டீங்க. ஸ்பீடு சரியா இருந்ததால கண்டுபிடிக்கல."

இந்த வழி எதை விழுங்கியது

இதற்கு விலை உண்டு. செலவுக் கணக்கு முழுவதும் போனது. ஊர்க் காற்றுப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுவது பற்றிய 7 ஸ்லைடு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதிலிருந்து கச்சான், கொண்டல் என்ற இரண்டு பெயர் மட்டும் தங்கியது. வாடையும் சோழகமும் வெளியே நின்றன. புரோகிராம் அமைப்பு "தரவை எடுத்து, கணக்குப் போட்டு, குரலாக்கி அனுப்புகிறோம்" என்று ஒரு வரியானது. எங்கள் வேலையை முழுதாகக் காட்டி உதவி கேட்பதுதான் நோக்கம் என்றால் இந்த வழி தப்பு. அப்படியொரு இடத்தில் ஒரு பிழையின் கதையைச் சொன்னால், பிழை செய்கிறவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

வெட்டியவற்றில் ஒன்று மட்டும் மூன்று நாளும் என்னை விடவில்லை. நாங்கள் எடுக்கும் முன்னறிவிப்பு கடலைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. நம் கடற்கரையில் கால் டிகிரி என்றால் ஒரு பக்கம் சுமார் 27 கிலோமீட்டர். மண்டபத்தில் நிலம் மிகக் குறுகலானது, வடகடலிலிருந்து தென்கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஆக பாக் விரிகுடாப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து, இரண்டுக்கும் ஒரே காற்று என்று வந்துவிடும். ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் குளம்போலக் கிடப்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். நல்ல கதை. அதனால்தான் ஆபத்து. எட்டாவது ஸ்லைடுக்குப் பிறகு ஒரே ஒரு நிமிடம் சேர்த்துப் பேசிப் பார்த்தேன். தம்பியின் இரண்டு வரியில் இந்தக் கட்டம் வந்தது, 180 காணாமல் போனது. பின்னால் வந்த கதை முன்னால் வந்ததைத் தின்றுவிட்டது. எடுத்துவிட்டேன். கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஸ்லைடு, அதற்குப் பின்னால் பழைய டெக்கிலிருந்து ஆறு ஸ்லைடு என்று வைத்தேன். கட்டத்தின் படம் அதில் முதலாவது.

மீட்டப் அன்று மதியம் மூன்று மணி, திரைக்கு எதிரே ஜன்னல். வரைபடத்தின் நீலம் முழுக்க வெளுத்துப் போய் அம்பு மட்டும் தெரிந்தது, எனக்கு அது போதும். புரோகிராம் ஸ்லைடில் ஒரே வரி, கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி. கடைசி வரிசைக்கும் தெரிந்தது. இதையே பழைய டெக்கின் 14 வரிப் புரோகிராமாகப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கேபிளுக்கு ஒன்றரை நிமிடம் போனது. அறை சிரித்த இடத்தில் நான் நின்றதால் கொஞ்சம் கூட ஆகி, மணி அடிக்கும்போது கடைசி வாக்கியத்தில் இருந்தேன்.

முதல் கேள்வி பின்வரிசையில் நின்றிருந்த ஒரு பையனிடமிருந்து வந்தது. தன் வீடு வடகடல் பக்கம் என்றான். "அண்ணே, எங்க பக்கத்துக்கும் தென்கடலுக்கும் ஒரே காத்தத்தான் சொல்லுதா?"

கறுப்பு ஸ்லைடைத் தாண்டி அடுத்ததை அழுத்தினேன். திரையில் ஒரே ஒரு சதுரம், அதற்குள் இரண்டு கடலும்.